பெட்டிக்குள் அப்பா

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பதரை மணி இருக்கும். என் சித்தப்பா மகனின் மனைவி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். யூகேஜி படிக்கும் மகன் வரைந்தது. அதன் கீழே ஒரே வரி: “மதினி, இதுக்கு என்ன அர்த்தம்?”

கோடு போடாத நோட்டுத் தாள். நடுவில் பெரிய வட்டமாக ஒரு தலை. அந்தத் தலையிலிருந்தே இரண்டு கால்கள் இறங்கின, கைகளும் காது இருக்கவேண்டிய இடத்திலிருந்து முளைத்திருந்தன. பக்கத்தில் நீளமான முடியோடு அதேபோல் இன்னோர் ஆள். வலது மேல் மூலையில் ஒரு நீள்சதுரப் பெட்டி. அதற்குள் மீசை வைத்த சின்ன முகம் ஒன்று. அதற்குக் கையும் இல்லை, காலும் இல்லை. பெட்டியின் அடியில் சிவப்பாக ஒரு புள்ளி. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்புக் கிரையானில் சுற்றிச் சுற்றிக் கிறுக்கிய ஒரு சிக்கல்.

நான் பதில் எழுதுவதற்குள் குரல் பதிவு வந்துவிட்டது. யாரோ ஒருவர் பேசிய வீடியோவைப் பார்த்திருக்கிறாள். பெட்டிக்குள் ஆளை வரைந்தால் அடைபட்ட உணர்வு, கை இல்லாவிட்டால் இயலாமை, கறுப்பு என்றால் துக்கம், மூலையில் சின்னதாக வரைந்தால் அந்த ஆளைப் பிள்ளை ஒதுக்குகிறது என்று அதில் சொன்னார்களாம். “நாலும் இதுல இருக்கே மதினி” என்றாள். குரல் உடைந்திருந்தது.

இருபது வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. பெற்றோர் தாளை நீட்டி அர்த்தம் கேட்கும்போது, ஏதாவது சொல்லிவிடத்தான் நாக்கு துடிக்கும். அன்று நான் அர்த்தம் எதுவும் சொல்லவில்லை. அவளிடம் மூன்று கேள்விகள் கேட்டேன்.

முதலில் கேட்க வேண்டியவை

எப்போது, எங்கே உட்கார்ந்து, எதை வைத்து வரைந்தான் என்பது முதல் கேள்வி. சாயங்காலம், அடுப்படித் தரையில், அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது என்றாள். பன்னிரண்டு கிரையான் இருந்த டப்பாவில் இப்போது மிச்சம் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், உடைந்த ஊதா. மஞ்சள் வெள்ளைத் தாளில் தெரியாது. ஊதாவைப் பிடித்து வரைய முடியாது. ஆக, கறுப்பை அவன் தேர்ந்தெடுத்தான் என்று சொல்லவே வழியில்லை. கைக்கு எட்டியவை கறுப்பும் சிவப்பும் மட்டும்தான்.

எதை முதலில் வரைந்தான், வரையும்போது என்ன பேசினான் என்பது இரண்டாவது. அவள் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. இது பெரிய இழப்பு. சின்னப் பிள்ளை வரைவதில் பாதி தாளில் நடக்கும், பாதி வாயில் நடக்கும். முடிந்த தாளைப் புகைப்படம் எடுத்து அனுப்பினால் அந்த வாய்ப் பாதி வராது. வரைந்த வரிசையும் வராது. முதலில் வரைந்த ஆளுக்குத் தாள் முழுக்க இடம் இருக்கும், கடைசியில் வருபவருக்கு மூலைதான் மிஞ்சும். இந்த வரிசை தெரியாமல் ‘மூலையில் ஒதுக்கிவிட்டான்’ என்று சொல்வது, கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டவரை அவமதித்துவிட்டார்கள் என்று சொல்வதுபோல.

“உனக்கு இதுல எது பயமா இருக்கு?” என்பது மூன்றாவது. அதற்குக் கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. பிறகு சொன்னாள்: “அவுக மஸ்கட் போயி ரெண்டு வருசம் ஆச்சு மதினி. பிள்ளை அப்பாவ மறந்துருவானோன்னு இருக்கு.”

அவளுடைய உண்மையான கேள்வி அதுதான். அது படத்தில் இல்லை, அவள் மனதில் இருந்தது. படத்தின் அர்த்தம் கேட்டு வரும் பெற்றோரில் அனேகமாக எல்லோரும் ஏற்கெனவே ஒரு பயத்தோடு வருகிறார்கள். அந்தப் பயம் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் தாளை மட்டும் பார்த்துப் பேசினால், நாம் சொல்லும் எதுவும் அந்தப் பயத்துக்குத்தான் தீனியாகும்.

‘கறுப்பு என்றால் துக்கம்’ எங்கிருந்து வந்தது?

பிள்ளைகளின் படத்தை வைத்து அளக்கும் பழக்கத்துக்கு நூறு வயது ஆகிறது. 1926இல் அமெரிக்க உளவியலாளர் ஃபுளோரன்ஸ் குட்எனஃப், ‘ஓர் ஆளை வரை’ என்று பிள்ளைகளிடம் சொல்லி, வரைந்ததற்கு மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார். கண் இருக்கிறதா, கழுத்து இருக்கிறதா, விரல்களின் எண்ணிக்கை சரியா என்று 51 அம்சங்கள் அதில் உண்டு. அவர் எண்ணியது உறுப்புகளை. பிள்ளையின் துக்கத்தை அவர் அதில் தேடவில்லை.

1949இல் கேரன் மக்கோவர் என்பவரின் புத்தகம் வந்தது. வரைந்த ஆளின் கண், கை, தலை, நிழல் ஒவ்வொன்றும் வரைந்தவரின் மனதைக் காட்டும் என்றது அது. பெரிய கண் என்றால் சந்தேக குணம் என்பது போன்ற விளக்கங்கள் பரவியது இந்த வழியில்தான். இன்று வீடியோக்களில் உலவும் பட்டியல்கள் பெரும்பாலும் இதன் தேய்ந்த நகல்கள்.

அந்த விளக்கங்கள் சரிதானா என்று 1967இல் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்ற தம்பதி சோதித்தார்கள். மனநல சிகிச்சையில் இருந்தவர்கள் வரைந்த மனிதப் படங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ‘இவர் பிறரைச் சந்தேகிக்கிறார்’, ‘இவருக்குத் தன் புத்திசாலித்தனம் பற்றிக் கவலை’ என்பது போன்ற குறிப்புகளை ஒட்டினார்கள். எந்தப் படத்துக்கு எந்தக் குறிப்பு என்பதில் எந்த ஒழுங்கும் இல்லை. பிறகு உளவியல் பயிற்சி இல்லாத மாணவர்களிடம் காட்டி, எந்தக் குணம் உள்ளவர் எப்படி வரைகிறார் என்று கேட்டார்கள்.

சந்தேகப்படுபவர் கண்ணைப் பெரிதாக வரைகிறார், புத்தியைப் பற்றிக் கவலைப்படுபவர் தலையைப் பெரிதாக வரைகிறார் என்று மாணவர்கள் எழுதினார்கள். அந்தப் படங்களில் அப்படி ஒரு தொடர்பே கிடையாது. அனுபவமுள்ள உளவியலாளர்களும் தங்கள் நோயாளிகளிடம் பார்த்ததாக இதே தொடர்புகளைத்தான் சொல்லியிருந்தார்கள். கண்ணும் சந்தேகமும், தலையும் புத்தியும் நம் பேச்சு வழக்கில் ஏற்கெனவே கைகோத்து நிற்கின்றன. ‘அவன் பார்வையே சரியில்லை’ என்கிறோம், ‘தலைக்கனம்’ என்கிறோம். மொழியில் இருக்கும் அந்த இணைப்பைப் படத்தில் கண்டுபிடித்ததாக நம்பிவிடுகிறோம். என் உறவுக்காரப் பெண் பெட்டியைப் பார்த்ததும் ‘அடைபட்டுக் கிடக்கிறார்’ என்று நினைத்ததும் இப்படித்தான்.

ஐந்து வயதுக் கை எப்படி வரையும்?

அவள் பயந்த நான்கில் பாதிக்கு, வயதே பதில் சொல்லிவிடும்.

தலையிலிருந்தே கால் முளைக்கும் ஆளை ஆங்கிலத்தில் தலைப்பிரட்டையின் பெயரால் அழைப்பார்கள். மூன்று நான்கு வயதில் உலகெங்கும் பிள்ளைகள் இப்படி வரைகிறார்கள். ஐந்து வயதிலும் சிலர் வரைவார்கள். வயிறு என்று ஒன்று இருப்பது அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். ‘உன் தொப்பை எங்கே?’ என்று கேட்டால் சட்டையைத் தூக்கிக் காட்டும். வரையும்போது தலையும் காலும் போட்டதும் ஆள் முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான். கை விட்டுப்போவதும் இந்த வயதில் சாதாரணம்.

தலை பெரிதாக இருப்பதற்கும் இதுபோல் எளிய காரணம் உண்டு. பிள்ளைகள் தலையிலிருந்து தொடங்குகிறார்கள். கண், மூக்கு, வாய் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் வட்டம் பெரிதாக விழுகிறது. உடம்புக்கு வரும்போது தாளில் இடம் குறைந்துவிடும். உடம்பை முதலில் போட்டு, தலையைப் பிறகு போடச் சொல்லிப் பாருங்கள். அதே பிள்ளையின் படத்தில் தலை சிறியதாகும். பிள்ளையின் மனம் அந்த ஐந்து நிமிடத்தில் மாறிவிடவில்லை, வரைந்த வரிசைதான் மாறியது.

இன்னொன்று முக்கியமானது. இந்த வயதில் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை வரைவதைவிடத் தங்களுக்குத் தெரிந்ததை வரைவார்கள். பிரான்சின் ஜார்ஜ் ஆன்ரி லூக்கே, தன் மகள் வரைந்த படங்களை ஆராய்ந்து 1913இலேயே புத்தகம் எழுதியவர். இந்தப் பழக்கத்தை விரிவாக விளக்கியவர் அவர்தான். 1972இல் நார்மன் ஃப்ரீமேன் குழுவினர் பிரிட்டனில் இதற்கு ஓர் அழகான சோதனை செய்தார்கள். கைப்பிடி பின்பக்கம் மறைந்திருக்கும்படி ஒரு கோப்பையை வைத்து, தெரிகிறபடி வரையச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகள் கைப்பிடியோடுதான் வரைந்தார்கள். ஏழெட்டு வயதைத் தாண்டியவர்கள்தான் தெரியாத கைப்பிடியை விட்டார்கள். கோப்பை என்றால் கைப்பிடி உண்டு, அது சின்னவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை எப்படி விடுவது?

அப்படியென்றால் என் முன்னால் இருந்த படத்தைப் பார்த்து நான் கேட்க வேண்டியது இதுதான்: இந்தப் பிள்ளைக்குத் தன் அப்பாவைப் பற்றி என்ன தெரியும்? மூன்று வயதில் பார்த்த அப்பாவா, அல்லது...

எனக்கு ஓர் ஊகம் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. ஊகத்தைச் சொல்லிவிட்டால், அவள் அதையே பிள்ளையிடம் கேள்வியாகக் கேட்பாள்.

பிள்ளையிடம் கேட்பது எப்படி?

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவனோடு தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நானும் ஏதோ வரைந்தேன். பிறகு அந்தத் தாளை எடுத்து நடுவில் வைத்தேன்.

“இதப் பத்தி அத்தைக்குச் சொல்லு.”

“இது நான். இது அம்மா. இது அப்பா, பேசுறாங்க.”

“பேசுறாங்களா?”

“ம். போன்ல. ஹலோ சொல்றாங்க.” சிவப்புப் புள்ளியில் விரலை வைத்தான். “இத அமுக்குனா கட்டாயிரும். அமுக்கக் கூடாது.”

வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவன் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டி என்று நாங்கள் பார்த்தது போன். ராத்திரிதோறும் வீடியோ காலில் வருகிற அப்பாவுக்கு முகம் மட்டும்தான் இருக்கும். கையும் காலும் திரைக்கு வெளியே. போன் சின்னது, அதனால் அப்பாவும் சின்னவர். அவன் தனக்குத் தெரிந்த அப்பாவை, அழைப்பைத் துண்டிக்கும் பொத்தான் வரை சரியாக வரைந்திருந்தான்.

நான் கேட்டது இரண்டே வாக்கியங்கள் என்பதைக் கவனியுங்கள். ‘இதப் பத்திச் சொல்லு’ என்பது ஒன்று. அவன் சொன்ன சொல்லையே திருப்பிச் சொன்னது இன்னொன்று. ‘இது யாரு, பேயா?’ என்றோ, ‘அப்பா ஏன் சோகமா இருக்காங்க?’ என்றோ கேட்டிருந்தால், படத்தில் இல்லாத பேயையும் சோகத்தையும் நாமே உள்ளே வைத்துவிடுவோம். ஐந்து வயதுப் பிள்ளை பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லப் பார்க்கும். ‘ஏன் கறுப்பு?’ என்ற கேள்விகூட, ஏதோ தப்புச் செய்துவிட்டோமோ என்று அதை யோசிக்க வைக்கும். ‘ஏன்’ வேண்டாம், ‘சொல்லு’ போதும்.

பேச்சுக்குத் துணையாகப் படத்தை வைத்துக்கொண்டால் அதற்குப் பலன் உண்டு. நியூசிலாந்தில் ஜூலியன் கிராஸ், ஹார்லின் ஹெய்ன் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் சந்தோஷப்பட்டது, பயந்தது, அழுதது போன்ற நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்டார்கள். வரைந்துகொண்டே சொன்ன பிள்ளைகள், வெறுமனே சொன்ன பிள்ளைகளைப்போல் இரண்டு மடங்கு விவரம் சொன்னார்கள். அங்கே தகவல் வந்தது பிள்ளைகளின் வாயிலிருந்து. அவர்களைப் பேசவைத்த வேலையைப் படம் செய்தது.

கறுப்புச் சிக்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை அம்மா கேட்டபோது அது ‘மழை’. சனிக்கிழமை என்னிடம் ‘பாம்பு, தூங்குது’ என்றான். இரண்டில் எது உண்மை என்று கேட்பதில் பொருளில்லை. இந்த வயதில் கிறுக்கல் முதலில் வரும், பெயர் பிறகு வரும், அந்தப் பெயரும் நாளுக்கு நாள் மாறும். வரைந்த நேரத்தில் அது வெறும் கை சுற்றிய சுகமாகக்கூட இருந்திருக்கலாம். அதைத் தெரியாததாகவே விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு நான் சொன்ன பதில்

அவனுக்குத் தெரியாமல் அடுப்படியில் அவளிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். எந்தப் பெற்றோருக்கும் இந்த அளவு பதில்தான் சொல்ல முடியும்.

“படத்துல நாம பார்த்தது மூணு ஆள், ஒரு பெட்டி, ஒரு கிறுக்கல். அவன் சொன்னது: அது போன், அப்பா பேசுறாங்க. வயசுக்கு ஏத்த மாதிரிதான் வரையிறான். இதுக்கு மேல இந்தத் தாள்ல இருந்து எனக்கு எதுவும் தெரியாதும்மா. ஏங்குறானா, சந்தோசமா இருக்கானான்னு இதுல எழுதி இல்ல.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் கஷ்டப்பட்டேன். ‘பாத்தியா, அப்பா மேல எவ்வளவு பாசம்!’ என்று சொல்ல ஆசையாக இருந்தது. அதைக் கேட்க அவளும் காத்திருந்தாள். ஆனால் பயமுறுத்தும் அர்த்தத்தைத் தாளில் ஏற்றுவது எவ்வளவு தப்போ, இனிப்பான அர்த்தத்தை ஏற்றுவதும் அவ்வளவு தப்பு. இன்று பாசம் என்று படித்துக் காட்டினால், நாளை அப்பா இல்லாத ஒரு படம் வரும்போது அவள் எதைப் படிப்பாள்?

அவளுடைய சொந்தக் கேள்விக்கு, பிள்ளை அப்பாவை மறந்துவிடுவானோ என்ற கேள்விக்கு, தாளை மடித்து வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்கச் சொன்னேன். போன் அடித்தால் ஓடி வருகிறானா? ஸ்கூலில் நடந்ததை அப்பாவிடம் சொல்கிறானா? “அது வருவான் மதினி. போனப் பிடுங்கி அவனேதான் பேசுவான்” என்றாள். பதில் அவளிடமே இருந்தது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

எதையும் கண்டுகொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் நடத்தையில் மாற்றம் வந்து, அது சில வாரங்கள் நீடித்தால் கவனிக்க வேண்டும். படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திய பிள்ளை மறுபடி நனைப்பது, தூக்கத்தில் அலறி எழுவது, விளையாட்டை விட்டு ஒதுங்குவது, ஸ்கூலுக்கோ ஒரு குறிப்பிட்ட ஆளிடமோ போகத் திடீரென்று மறுப்பது ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றோடு ஒரே பயங்கரக் காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தால், படங்களையும் எடுத்துக்கொண்டு குழந்தைநல மருத்துவரிடமோ குழந்தை மனநல நிபுணரிடமோ போகலாம். அவரும் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டார். சொன்னால் அவரை நம்ப வேண்டாம்.

பிள்ளை அந்தரங்க உறுப்புகளையோ பாலியல் செயலையோ விவரமாக வரைந்தால், அந்த ஒரு படத்தையே சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. தள்ளிவிடவும் கூடாது. பதறாமல் ‘இதைப் பத்திச் சொல்லு’ என்று அதே கேள்வியைக் கேளுங்கள். குறுக்கு விசாரணை வேண்டாம். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே தேதியோடு எழுதி வையுங்கள். யாரோ துன்புறுத்துவதாகப் பிள்ளை வாய்விட்டுச் சொன்னால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். அந்தப் பேச்சைப் பிள்ளையிடம் பத்துப் பேர் பத்து முறை கேட்டால், நினைவும் குழம்பும், நியாயமும் கெடும்.

கிளம்பும்போது அவளிடம் ஒரே ஒரு பழக்கத்தைத் தொடங்கச் சொன்னேன். தாளின் பின்பக்கம் தேதியும், வரைந்தபோது அவன் சொன்னதும். நம் விளக்கம் ஒரு சொல்கூட வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த படம் வந்தது. அம்மா இல்லை, அப்பா இல்லை, போனும் இல்லை. தாள் முழுக்க ஒரே ஓர் ஆட்டோ. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாத சக்கரமும் சேர்த்து மூன்றும் வரிசையாக, ஒன்றை ஒன்று மறைக்காமல் நின்றன. கூடவே தாளின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருந்தாள். ‘ஆட்டோ. மூணு வீலும் இருக்கணும்னு சொன்னான்.’

இந்த முறை அவள் அர்த்தம் கேட்கவில்லை.